ஒப்பந்தகாரர் பில்லில் ஜிஎஸ்டி தனியாக இருக்கும்போது டிடிஎஸ் சரிபார்ப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் இருந்துகொண்டு சென்னை நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். எங்கள் அலுவலகத்திலும் அதுதான் வேலை. புதிதாகச் சேர்பவர்கள் முதல் மாதத்தில் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்டபடியே போட்டு, நான் சொல்லும் பதிலையும் எழுதியிருக்கிறேன். சட்டமும் வீதங்களும் இந்தியாவினுடையவை. உதாரணங்கள் 2024-25 நிதியாண்டுக்குரியவை.

பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருக்கு. டிடிஎஸ் மொத்தத்துக்கா, ஜிஎஸ்டிக்கு முந்தின தொகைக்கா?

ஜிஎஸ்டிக்கு முந்தின தொகைக்கு. ஒப்பந்தகாரர் ஜிஎஸ்டியை நம்மிடம் வாங்கி அரசுக்குக் கட்டுகிறார். அது அவருடைய வருமானம் இல்லை. டிடிஎஸ் என்பது அவருடைய வருமான வரியை முன்கூட்டியே பிடித்து வைப்பது. வருமானம் இல்லாத தொகையில் வருமான வரி பிடிக்க இடமில்லை.

கழித்த பிறகும் ஜிஎஸ்டித் தொகை முழுசாக அவர் கைக்குப் போக வேண்டும். அதிலிருந்து ஒரு ரூபாய் குறைந்தாலும் அவர் தன் பையிலிருந்து போட்டுத்தான் அரசுக்குக் கட்டுவார்.

இது எங்கே எழுதியிருக்கு? கிளையன்ட் கேட்டால் எதைக் காட்டுவது?

இந்திய நேரடி வரிகள் மத்திய வாரியம் 2017 ஜூலை 19 அன்று வெளியிட்ட 23/2017 இலக்கச் சுற்றறிக்கையைக் காட்டுங்கள். சேவை வரி காலத்தில், 2014 ஜனவரியில், இதே கருத்தில் வந்த 1/2014 சுற்றறிக்கையின் தொடர்ச்சி அது. சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி, யூடிஜிஎஸ்டி நான்கும் அதில் அடங்கும்.

அதன் வாசகத்தில் ஒரு இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். இரு தரப்புக்கும் இடையிலான ஒப்பந்தத்தின்படி ஜிஎஸ்டி தனியாகக் குறிக்கப்பட்டிருந்தால் என்றுதான் அது பேசுகிறது. ஆகவே பில்லைப் பார்க்கும்போது வேலை உத்தரவையும் திறந்து பாருங்கள். உத்தரவில் "ஜிஎஸ்டி தனி" என்று இருந்து பில்லிலும் தனியாக வந்திருந்தால் எந்தக் கேள்வியும் எழாது. உத்தரவில் "எல்லா வரியும் உட்பட" என்று ஒரே தொகை இருந்து, பில்லில் மட்டும் பிரித்திருந்தால், கிளையன்டிடம் ஒரு வார்த்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு மேலே போவது நல்லது.

ஒரு பில்லை எடுத்து ஆரம்பத்திலிருந்து காட்டுங்களேன்?

சென்னையில் ஒரு கிளையன்டின் கோடவுனுக்கு வர்ணம் பூசிய வேலை. பில் திகதி 2024 நவம்பர் 18. உள்ளே இப்படி இருக்கிறது:

பெயின்ட், ப்ரைமர், பட்டி: 90,000
கூலி: 1,50,000
வரிக்குரிய பெறுமதி: 2,40,000
சிஜிஎஸ்டி 9%: 21,600
எஸ்ஜிஎஸ்டி 9%: 21,600
மொத்தம்: 2,83,200

முதலில் காற்புள்ளியைக் கவனியுங்கள். சென்னையில் 2,83,200 என்று போடுவார்கள். நம் கணினியில் அதே தொகை 283,200.00 என்று தெரியும். இலக்கம் ஒன்றுதான், ஆனால் பில்லைப் பார்த்துக் கையால் தட்டும்போது கண் தடுமாறி ஒரு பூச்சியம் கூடவோ குறையவோ போய்விடும். தட்டி முடிந்ததும் இலக்கங்களை வலப்பக்கத்திலிருந்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, யாருடைய பில். இந்த ஒப்பந்தகாரர் தனிநபர். அதனால் பழைய வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவின்படி வீதம் 1%. கூட்டு வணிகமாகவோ கம்பனியாகவோ இருந்தால் 2%.

மூன்றாவது, அடிப்படைத் தொகை. 2,40,000. அதில் 1% என்றால் 2,400.

நான்காவது, கட்ட வேண்டிய மிச்சம். 2,83,200 இலிருந்து 2,400 போக 2,80,800. இதில் ஜிஎஸ்டி 43,200 தொடப்படாமல் இருக்கிறது. 2,40,000 இலிருந்து 2,400 ஐக் கழித்து, 43,200 ஐக் கூட்டியும் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு வழியிலும் ஒரே தொகை வர வேண்டும்.

இந்த 2,400 ஐ கிளையன்ட் டிசெம்பர் 7க்குள் அரசுக்குக் கட்ட வேண்டும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான காலாண்டு அறிக்கைக்கு 2025 ஜனவரி 31 கடைசி நாள்.

இதே பில் சென்ற ஆண்டு என் மேசைக்கு வந்தபோது டிடிஎஸ் 2,832 என்று பதியப்பட்டிருந்தது. மொத்தத்துக்கு 1% போட்டிருக்கிறார்கள். வித்தியாசம் 432 ரூபாய்தான். ஆனால் அந்த ஒப்பந்தகாரருக்கு அதே கிளையன்டிடம் மாதா மாதம் வேலை. ஏப்ரலிலிருந்து எல்லா பில்லிலும் அப்படியே போயிருந்தது. சின்னத் தொகைதானே என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை, கேட்டால் அடுத்த வேலை கிடைக்காமல் போகுமோ என்ற பயம். இது எனக்கு இன்னும் உறுத்துகிறது. நாம் சரிபார்ப்பது கிளையன்டுக்காக மட்டும் இல்லை.

பில்லின் தலைப்பில் "எண்டர்பிரைசஸ்" என்று இருக்கு. அப்போ அது கம்பனிதானே, 2% இல்லையா?

பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தனி ஒருவர் நடத்தும் கடைக்கும் அப்படிப் பெயர் வைக்கலாம். பார்க்க வேண்டியது பான் இலக்கத்தின் நான்காவது எழுத்து. `P` என்றால் தனிநபர், `H` என்றால் இந்து கூட்டுக் குடும்பம். இரண்டுக்கும் 1%. `F` கூட்டு வணிகம், `C` கம்பனி. இவற்றுக்கு 2%.

பான் தனியாகத் தராவிட்டாலும் ஜிஎஸ்டி இலக்கத்துக்குள்ளேயே அது இருக்கிறது. பதினைந்து எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான். எனவே ஜிஎஸ்டி இலக்கத்தின் ஆறாவது எழுத்துதான் நமக்கு வேண்டியது. `33XXXPX0000X1ZX` என்ற அமைப்பில் ஆறாவதாக நிற்பது `P`. தலைப்பில் என்ன பெயர் இருந்தாலும் இவருக்கு 1%தான்.

பான் கிடைக்கவே இல்லை என்றால் 20%. அந்த நிலைக்குப் போகுமுன் ஒப்பந்தகாரருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேட்டுவிடுங்கள்.

பெயின்ட் விலையும் கூலியும் தனித்தனியாகப் போட்டிருக்கே. கூலிக்கு மட்டும் கழித்தால் போதாதா?

போதாது. ஜிஎஸ்டி விஷயத்தைச் சரியாகப் படித்தவர்கள்கூட இந்த இடத்தில் தவறுவதைப் பார்த்திருக்கிறேன். "தனியாகக் காட்டினால் விட்டுவிடலாம்" என்ற விதியை மனசில் வைத்துக்கொண்டு, தனியாகக் காட்டிய எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்.

பொருள் விலையை விடலாம் என்று 194சி சொல்வது வேறொரு சந்தர்ப்பத்துக்கு. வாடிக்கையாளரிடமிருந்தே மூலப்பொருளை வாங்கி, அவர் சொன்னபடி ஒரு பொருளைச் செய்து கொடுக்கும் வேலை அது. கிளையன்ட் அட்டையை ஒரு பெட்டி செய்பவருக்கு விற்கிறார், அவர் அதைப் பெட்டியாக்கித் திருப்பித் தந்து பில் போடுகிறார் என்று வையுங்கள். பில்லில் அட்டையின் பெறுமதி தனியாக இருந்தால் அதை விட்டு மிச்சத்துக்குக் கழிக்கலாம். தனியாக இல்லாவிட்டால் பில் தொகை முழுவதற்கும் கழிக்க வேண்டும்.

நம் கோடவுன் பில்லில் பெயின்டை வாங்கியது ஒப்பந்தகாரர், தன் கடையிலிருந்து, தன் காசில். வேலை உத்தரவும் ஒன்றுதான்: சுவரைப் பூசிக் கொடு. அதனால் 90,000ஐயும் சேர்த்து 2,40,000க்குக் கழிக்க வேண்டும். கூலிக்கு மட்டும் போட்டிருந்தால் 1,500 வந்திருக்கும். 900 ரூபாய் குறைவு. அந்தக் குறைவு கிளையன்டின் தலையில் விழும்.

நூறு பில் வரும். ஒவ்வொன்றையும் இப்படிப் பார்க்க நேரமில்லை. வேகமான வழி இருக்கா?

இருக்கிறது. டிடிஎஸ் தொகையை வரிக்குரிய பெறுமதியால் வகுங்கள். வரும் இலக்கமே பிழை எங்கே என்று சொல்லிவிடும். எக்செலில் B நிரலில் ஜிஎஸ்டி இலக்கம், D நிரலில் வரிக்குரிய பெறுமதி, E நிரலில் டிடிஎஸ் இருக்கிறது என்றால்:

```
=MID(B2,6,1)
=ROUND(E2/D2,4)
```

முதலாவது எழுத்தைத் தரும். இரண்டாவது 0.01 அல்லது 0.02 வர வேண்டும். `P`, `H` க்கு 0.01, மற்றவைக்கு 0.02. அப்படி இருந்தால் அடுத்த பில்லுக்குப் போங்கள்.

0.0118 வந்தால் ஜிஎஸ்டியையும் சேர்த்து 1% போட்டிருக்கிறார்கள். 0.0236 என்றால் அதே பிழை, 2% காரருக்கு. இந்த இரண்டு இலக்கத்தையும் மனசில் பதித்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி 18% ஆக உள்ள பில்களில் இவைதான் திரும்பத் திரும்ப வரும்.

0.0085 சுற்றி வந்தால் நேர்மாறான பிழை. வரிக்குரிய பெறுமதியையே வரி உட்பட்ட தொகை என்று நினைத்து இன்னொரு தரம் 1.18 ஆல் வகுத்திருக்கிறார்கள். அதைவிடக் குறைவாக, 0.0063 போல ஏதாவது வந்தால் பொருள் விலையை விட்டுவிட்டார்களா என்று பில்லைத் திறந்து பாருங்கள். கோடவுன் பில்லில் 1,500 ஐ 2,40,000 ஆல் வகுத்தால் அந்த இலக்கம்தான் வரும்.

இந்த வழி ஏமாற்றும் இடம் இரண்டு. முற்பணம் கொடுத்த பில்லில் டிடிஎஸ்ஸில் ஒரு பகுதி முன்பே கழிந்திருக்கும், ஆகவே விகிதம் குறைவாகத் தெரியும். ஆண்டு மொத்தம் ஒரு இலட்சம் என்ற டிடிஎஸ் எல்லையைத் தாண்டிய பில்லில் பழைய பில்களுக்கும் சேர்த்துக் கழிப்பார்கள், ஆகவே கூடத் தெரியும். இரண்டும் பிழை இல்லை. ஒப்பந்தகாரரின் பேரேட்டைத் திறந்தால் விளங்கிவிடும்.

"ஜிஎஸ்டி உட்பட" என்று ஒரே தொகை மட்டும் போட்டு பில் வந்தால்?

முழுத் தொகைக்கும் கழிக்க வேண்டும். நாமே 1.18 ஆல் வகுத்துப் பிரிப்பதற்குச் சுற்றறிக்கை இடம் தரவில்லை. 2,83,200 என்று மட்டும் இருந்தால் டிடிஎஸ் 2,832. ஆனால் முதலில் ஒப்பந்தகாரரிடம் சரியான வரி பில் கேளுங்கள். பிரித்துக் காட்டாத பில்லை வைத்துக் கிளையன்ட் உள்ளீட்டு வரியும் எடுக்க முடியாது, ஆகவே அவர்களுக்கும் அது தேவை.

முற்பணம் முன்பே கொடுத்தாச்சு. இப்போ பில் வந்திருக்கு. எதுக்குக் கழிப்பது?

கட்டுவது அல்லது கணக்கில் வரவு வைப்பது, இரண்டில் எது முந்தியோ அப்போதே டிடிஎஸ் வந்துவிடும். அதனால் முற்பணத்திலேயே கழித்திருக்க வேண்டும்.

அதே கோடவுன் வேலைக்கு 2024 ஒக்டோபர் 25 அன்று 1,00,000 முற்பணம் என்று வைப்போம். ஒப்பந்தகாரர் அனுப்பிய கோரிக்கையில் ஜிஎஸ்டி பிரிக்கப்படவில்லை. எனவே முழு ஒரு இலட்சத்துக்கும் 1%, அதாவது 1,000 கழித்து 99,000 அனுப்பியிருக்கிறார்கள். அந்த 1,000 நவம்பர் 7க்குள் கட்டப்பட்டிருக்க வேண்டும். சலானைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 18 பில்லில் வேலை முழுவதற்கும் டிடிஎஸ் 2,400. முன்பு போன 1,000 போக இப்போது 1,400. கட்ட வேண்டியது 2,83,200 இலிருந்து முற்பணம் 1,00,000 போய், 1,400 போய், 1,81,800. இங்கே முற்பணத்தை 99,000 என்று கழித்தால் 1,000 ரூபாய் கூடப் போய்விடும். கழிக்க வேண்டியது டிடிஎஸ் பிடிப்பதற்கு முந்தின தொகை.

பில் 28,000, ஜிஎஸ்டியோடு 33,040. முப்பதாயிரம் எல்லையைத் தாண்டிவிட்டதா?

தாண்டவில்லை. ஒரு பில் 30,000க்கு மேல், அல்லது ஆண்டு மொத்தம் 1,00,000க்கு மேல் போனால்தான் 194சி வரும். ஜிஎஸ்டி தனியாக உள்ள பில்லில் இந்த எல்லையையும் ஜிஎஸ்டி இல்லாத தொகையால் பார்ப்பதுதான் வழக்கம். ஆனால் அவருக்கு இந்த ஆண்டில் முன்பே எவ்வளவு போயிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். இந்த 28,000 சேர்ந்து ஒரு இலட்சத்தைத் தாண்டினால் முன்பு விட்ட பில்களுக்கும் சேர்த்து இப்போது கழிக்க வேண்டும்.

காலாண்டு அறிக்கையில் "கட்டிய தொகை" நிரலில் என்ன போடுவது? வங்கியில் போனது 2,80,800 ஆச்சே.

2,40,000 போடுங்கள். வங்கித் தொகையும் வேண்டாம், பில் மொத்தமும் வேண்டாம்.

கழித்தது சரியாக இருந்தும் நோட்டீஸ் வருவது பெரும்பாலும் இந்த நிரலால்தான். காலாண்டு அறிக்கையான 26கியூ படிவத்தில் 2,83,200 என்று போட்டு டிடிஎஸ் 2,400 என்று காட்டினால், வரித்துறையின் கணினி 2,83,200க்கு 1% எதிர்பார்க்கும். 432 குறைவு என்று அறிவித்தல் வரும், வட்டியோடு. நாம் ஒன்றும் குறைவாகப் பிடிக்கவில்லை, தவறான தொகைக்கு எதிராக எழுதிவிட்டோம், அவ்வளவுதான். திருத்திய அறிக்கை போட்டால் தீரும், ஆனால் அதற்கு ஒரு நாள் போய்விடும். ஒப்பந்தகாரருக்கும் தொந்தரவு. அவருடைய வரிக் கணக்கில் 2,83,200 வரவாகத் தெரியும், அவர் காட்டும் விற்பனை 2,40,000 ஆக இருக்கும்.

பிழை பிடிபட்டுவிட்டது. இப்போ என்ன செய்வது?

கூடக் கழித்திருந்தால், அரசுக்குக் கட்டுமுன் கண்டுபிடித்தால் நல்லது. பதிவைத் திருத்தி 432 ஐ ஒப்பந்தகாரருக்கே கொடுத்துவிடலாம். கட்டி, அறிக்கையும் போட்ட பிறகு என்றால் அந்தத் தொகை அவர் பெயரில் வரவாக இருக்கும். அவர் தன் ஆண்டு வரிக் கணக்கில் எடுத்துக்கொள்வார். அவருக்கு ஒரு வரி எழுதித் தெரிவிக்கச் சொல்லுங்கள். தெரியாமல் இருந்தால் விட்டுவிடுவார்.

குறையக் கழித்திருந்தால் வட்டி உண்டு. கழிக்காமல் விட்ட தொகைக்கு மாதம் 1%. தொட்ட மாதம் எல்லாம் முழு மாதமாக எண்ணப்படும். நவம்பர் 18 பில்லில் விட்ட 900 ஐ 2025 பெப்ரவரி 10 அன்று கழித்து அன்றே கட்டினால் நவம்பர், டிசெம்பர், ஜனவரி, பெப்ரவரி நான்கு மாதம். 36 ரூபாய். அந்த வட்டியைக் கிளையன்ட் தன் கையிலிருந்து கட்ட வேண்டும், ஒப்பந்தகாரரிடம் பிடிக்கக் கூடாது.

கழித்துவிட்டுப் பிந்திக் கட்டினால் இன்னும் கடுமை, மாதம் 1.5%. கழித்த நாளிலிருந்தே எண்ணுவார்கள். டிசெம்பர் 7க்குப் பதிலாக 8 அன்று கட்டினாலும் நவம்பரும் டிசெம்பரும் சேர்ந்து இரண்டு மாதம். 2,400க்கு 3%, 72 ரூபாய். ஒரு நாள் பிந்தினோம், ஒரு நாள் வட்டி என்று கணக்குப் போட்டு வைத்தவர்கள் பிறகு திரும்பவும் கட்டியிருக்கிறார்கள்.

இங்கே தனிநபர் சேவைக்கு 5% பிடிக்கிறோமே. அந்தப் பழக்கத்தில் பார்த்தால் குழம்பாதா?

குழம்பும். இங்கே நிறுத்திவைத்தல் வரி, சட்டம் குறிக்கும் தனிநபர் சேவைகளுக்கு மாதம் ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல் போனால் 5%. அங்கே ஒப்பந்த வேலைக்குத் தனிநபர், கம்பனி இருவருக்கும் உண்டு, எல்லையும் ஆண்டுக் கணக்கில் ஓடுகிறது. நம் வற் 18%, அவர்களுடைய ஜிஎஸ்டியும் இந்த வேலைக்கு 18%. இலக்கம் ஒன்றாக இருப்பதால் கை தன்னாலே நம் ஊர் வழியில் போகும். நான் இரண்டுக்கும் ஒரே எக்செல் கோப்பை வைத்துக்கொள்வதில்லை. இந்தியக் கோப்பின் முதல் நிரலுக்கு மஞ்சள் நிறம் அடித்து வைத்திருக்கிறேன்.

அரசு அலுவலகம் ஒன்றின் பில்லில் ஜிஎஸ்டியிலும் 2% டிடிஎஸ் என்று பார்த்தேன். அதையும் நாம் பிடிக்க வேண்டுமா?

நம் கிளையன்ட் தனியார் நிறுவனம் என்றால் வேண்டாம். அது ஜிஎஸ்டி சட்டத்தின் 51ஆம் பிரிவு. அரசுத் துறைகள், உள்ளாட்சி அமைப்புகள் போன்றவை 2018 ஒக்டோபர் 1 முதல், 2.5 இலட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் பிடிப்பது. வருமான வரி டிடிஎஸ்ஸோடு அதற்குத் தொடர்பில்லை. பெயர் மட்டும்தான் ஒன்று.

புதிய வருமான வரிச் சட்டம் வந்திருக்கே. 194சி என்று இனியும் எழுதலாமா?

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. அதில் சம்பளம் தவிர்ந்த டிடிஎஸ் பிரிவுகள் 393ஆம் பிரிவின் அட்டவணைக்குள் போய்விட்டன. அந்தத் திகதிக்கு முன் வரவு வைத்த பில்களுக்கும், அவற்றின் திருத்த அறிக்கைகளுக்கும் 194சி என்றே எழுதுங்கள். புதிய பில்லுக்குப் பழைய இலக்கத்தைப் போட்டுவிடாமல் இருக்க, வரவு வைத்த திகதியைத் தனி நிரலில் வைத்துக்கொள்ளுங்கள்.